ஒரு பிடி தேங்காய்ப்பூவின் நிறை: வேளைக்கு 10 கிராம் கொழுப்பு என்ற எல்லை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளவத்தையில் மகனின் குடும்பத்தோடு வசிக்கும் 58 வயதான அம்மையார் ஒருவர், பித்தப்பையில் கற்கள் இருப்பதாக ஸ்கேனில் கண்டறியப்பட்டு, சத்திரசிகிச்சைக்கான நாளுக்காகக் காத்திருந்த வேளையில் என்னிடம் அனுப்பப்பட்டார். அவர் பிறந்தது முதல் சைவ உணவே உண்பவர், முட்டையும் உண்பதில்லை. வைத்தியர் அவருக்கு எழுதிக் கொடுத்த அறிவுரை ஒரே வரியில் இருந்தது: பிரதான உணவு ஒவ்வொன்றிலும் கொழுப்பு 10 கிராமுக்கு மேற்படக் கூடாது, இடையில் உண்பவற்றில் 3 கிராமுக்கு மேற்படக் கூடாது. அந்த எல்லையை அக்குடும்பம் எவ்வாறு புரிந்துகொண்டது, எங்கே தவறியது, எளிய சைவச் சாப்பாட்டைக் கொண்டே எவ்வாறு அதற்குள் நின்றது என்பதையே இங்கு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கியுள்ளேன்.

எல்லை ஏன் நாளுக்கு அன்றி வேளைக்கு விதிக்கப்பட்டது என்பதை முதலில் விளக்க வேண்டியிருந்தது. ஏனெனில் அம்மையார் அதை ஒரு நாளின் மொத்தக் கணக்காகவே எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் பாணும் வாழைப்பழமும் மட்டும் உண்டால் அங்கே மிஞ்சும் கொழுப்பை இரவுப் புட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணியிருந்தார். பித்தப்பை அவ்வாறு கணக்கு வைப்பதில்லை. உண்ட கொழுப்பு முன்சிறுகுடலை அடைந்ததும் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஓமோன் சுரக்கிறது. அது பித்தப்பையைச் சுருங்கச் செய்து பித்தநீரை வெளியே தள்ளுகிறது. உள்ளே கல் இருந்து, அது அந்தச் சுருக்கத்தின்போது வாயிலில் வந்து அடைத்துக்கொண்டால், வலது விலா எலும்புகளின் கீழ் தொடங்கித் தோட்பட்டை வரை பரவும் அந்த வலி வருகிறது. ஆகவே ஒரே வேளையில் எவ்வளவு கொழுப்பு போய்ச் சேருகிறது என்பதே இங்கு பொருட்படுத்த வேண்டியது. காலையில் விட்டதை இரவில் ஈடு செய்வது, சுருக்கம் மிகப் பலமாக நிகழ்வதற்கு நாமே நேரம் குறிப்பதைப் போன்றது.

அம்மையார் என்னிடம் வருவதற்கு முன்னரே, தமக்குத் தெரிந்த அளவில் கட்டுப்பாட்டைத் தொடங்கியிருந்தார். பொரியல், அப்பளம், வடை, நெய் ஆகியவை நிறுத்தப்பட்டிருந்தன. ஒட்டாத தாச்சி ஒன்று புதிதாக வாங்கப்பட்டிருந்தது. அவ்வாறிருந்தும் முதல் இரு வாரங்களில் மூன்று தடவை வலி வந்திருந்தது. மருமகள் ஒரு கொப்பியில் உணவையும் வலி வந்த நேரத்தையும் ஒழுங்காக எழுதியிருந்தார். இந்த ஆய்வு சாத்தியமானது அந்தக் கொப்பியினால்தான். மூன்றில் இரண்டு தடவை வலி இரவுச் சாப்பாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தின் பின் வந்திருந்தது. இரண்டு இரவும் புட்டு. மூன்றாவது ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின் பின்னர். பொரித்த எதுவும் அம்மூன்று வேளைகளிலும் இல்லை.

அவர்களது வீட்டுக்குச் சென்று சமையலைப் பார்த்த அன்று, எண்ணெய்ப் போத்தலைப் பற்றித்தான் அம்மையார் முதலில் பேசினார்.

"எண்ணெயைக் கண்ணாலயும் காட்டுறேல்லைப் பிள்ளை. கறிக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பூ மட்டும்தான் போடுறன்."

"அந்தக் கொஞ்சத்தை இந்தத் தட்டில ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ அம்மா" என்று கேட்டு, நான் கொண்டுபோயிருந்த சிறிய மின்தராசை அவர் முன் வைத்தேன். வழமையாக வறைக்குப் போடுவதைப் போலவே துருவிய தேங்காயில் ஒரு பிடி அள்ளி வைத்தார். தராசு 38 கிராம் என்று காட்டியது. தேங்காய்ப்பூவின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அந்த ஒரு பிடியில் 12 கிராமுக்கு மேல் கொழுப்பு இருந்தது. அதாவது அவரது கைப்பிடி ஒன்றே ஒரு வேளைக்கான எல்லையைத் தாண்டியிருந்தது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இருப்பதோ நாலரைக் கிராம் மட்டுமே. அவர் அஞ்சி ஒதுக்கிய பொருள் ஒன்று; கைநிறைய அள்ளியது வேறொன்று.

பிடி தேங்காய்ப்பூ நால்வருக்கான கறியில் பிரிந்து போகும் என்பது உண்மை. ஆயினும் எங்கள் சமையலில் ஒரு வேளைக்கு ஒரு கறியில் மட்டும் தேங்காய் சேர்வதில்லை. அன்று மதியம் சமைத்ததை முழுவதுமாகக் கணக்கிட்டோம். 100 கிராம் தேங்காய்ப்பூவைப் பிழிந்த கெட்டிப்பாலும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் செய்த தாளிதமும் பருப்புக்கறிக்குப் போயின. பிழிந்த சக்கையை வீசிவிடுவதால் தேங்காயின் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு பாலில் வந்ததாக வைத்துக்கொண்டால், நான்கு பங்கில் ஒன்று ஆறரைக் கிராம் அளவாகிறது. பூசணிக்காய்ப் பாற்கறியில் ஒருவருக்கு நாலரை. பொன்னாங்காணி வறையில் இன்னொரு நாலரை. சோற்றிலிருந்து ஒன்று. கடைசியாக, "வயிற்றுக்குக் குளிர்ச்சி" என்று சேர்த்துக்கொண்ட அரைக் கோப்பை எருமைத் தயிரில் ஏறத்தாழ ஏழு. மொத்தம் ஏறத்தாழ 24 கிராம் ஆயிற்று. பொரியலோ அப்பளமோ இல்லாத, பார்ப்பதற்கு நோயாளிக்கு ஏற்ற சாப்பாடாகவே தோன்றும் ஒரு தட்டில் எல்லையின் இரண்டரை மடங்குக்கு அண்மையான கொழுப்பு இருந்தது.

புட்டு இரவுகளின் கணக்கும் அதே திசையில்தான் சென்றது. புட்டுக்குக் குழலில் அடுக்கும் தேங்காய்ப்பூ 120 கிராம். ஒருவருக்கு 10 கிராம் கொழுப்பு அங்கேயே முடிந்துவிட்டது. அதன் மேல் தேங்காய்ச் சம்பல் ஐந்து, சொதி நான்கு, மாவிலிருந்து ஒன்று. புட்டுக்குத் தேங்காய், சம்பலுக்குத் தேங்காய், சொதிக்குத் தேங்காய் என ஒரே காய் மூன்று பெயர்களில் தட்டுக்கு வந்ததால், எவருக்கும் அது 20 கிராமாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் குடும்பத்தினர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். கொழும்பில் நான் இதைக் கேட்காத வாரம் இல்லை. தேங்காயின் கொழுப்பு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதற்குப் பித்தநீர் தேவையில்லை, ஆகவே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்பது அந்த வாதம். தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழ அரைவாசி லோரிக் அமிலம். பித்தநீரின் உதவி அதிகம் இன்றி உறிஞ்சப்படுகின்ற, வைத்தியசாலைகளில் தனி எண்ணெயாக வழங்கப்படும் கொழுப்பு, லோரிக்கை விடக் குறுகிய சங்கிலியுடைய கப்ரிலிக், கப்ரிக் அமிலங்களைக் கொண்டது; தேங்காயில் அவற்றின் பங்கு சிறியது. எனவே வைத்தியர் கிராம் கணக்கில் எல்லை விதித்திருக்கும்போது, தேங்காயின் கொழுப்பையும் முழுக் கொழுப்பாகவே எண்ண வேண்டும்.

இனி, செய்த மாற்றத்தைப் பற்றி. தட்டில் உள்ள ஒவ்வொரு உணவையும் நிறுத்துக் கணக்கிடச் சொன்னால் அக்குடும்பம் மூன்றாம் நாளே கைவிட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆகவே தட்டை விட்டுவிட்டுச் சட்டியைக் கணக்கிட்டோம். பருப்பிலும் மரக்கறியிலும் சோற்றிலும் இயல்பாக உள்ள கொழுப்பு மிகக் குறைவு. ஒரு சாதாரண வேளையில் அவை அனைத்தும் சேர்ந்து 2 கிராம் அளவில் நிற்கும். கொழுப்பைத் தீர்மானிப்பவை தேங்காய், எண்ணெய், பால் வகை ஆகிய மூன்றும்தான். அம்மூன்றும் சட்டிக்குள் போகும் முன் நிறுத்து அல்லது அளந்து, உண்பவர் எண்ணிக்கையால் வகுத்தால் போதுமானது. இதற்காக ஒரு வேளைக்கு நால்வருக்குமாகத் தேங்காய்ப்பூ 60 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி என்று வகுத்துக்கொண்டோம். ஒருவருக்குத் தேங்காயிலிருந்து 5, எண்ணெயிலிருந்து இரண்டேகால், ஏனையவற்றிலிருந்து 2; மொத்தம் ஒன்பது சொச்சம். கறிகளைச் சமமாகப் பகிராத நாட்களில் ஏற்படும் வித்தியாசத்துக்கு மீதியுள்ள சிறு இடைவெளி உதவும்.

அந்த 60 கிராமை எந்தக் கறியில் செலவிடுவது என்பதை அம்மையாரிடமே விட்டேன். இதுவே முறை நிலைத்ததற்குக் காரணம் என்று கருதுகிறேன். தேங்காயை எல்லாக் கறிகளிலும் குறைத்தால் எதிலும் சுவை இராது; ஒரு கறியில் மட்டும் நிறைவாகப் போட்டு மற்றவற்றைத் தேங்காய் இன்றிச் சமைப்பதற்கு எங்கள் சமையலில் வழி ஏராளமாக உண்டு. மதியத்தில் அவர் வறையைத் தேர்ந்தெடுத்தார். பருப்பு பால் இன்றி மஞ்சள், உள்ளி, பச்சை மிளகாய் சேர்த்து நன்றாக அவிந்து குழையும் வரை வைக்கப்பட்டு, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டப்பட்டது. மைசூர்ப் பருப்பு தானாகவே குழைந்து கெட்டியாகும் தன்மை உடையதாதலால் பால் விடாத குறை பெரிதாகத் தெரிவதில்லை. பூசணிக்காயும் வாழைக்காயும் புளி விட்ட குழம்பாயின. அதற்கு மற்றைய தேக்கரண்டி எண்ணெய். எருமைத் தயிருக்குப் பதிலாகக் கொழுப்பு நீக்கிய பால்மாவில் உறைய வைத்த தயிரைக் கடைந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் இட்ட மோர்.

இரவில் புட்டை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. 60 கிராம் தேங்காய்ப்பூவைக் குழலில் அடுக்குவதானால் அன்று சம்பலும் தேங்காய்ப்பால் சொதியும் இல்லை. வாழைப்பழமும், மதியம் மிஞ்சிய பருப்பும். இடியப்பம் அவிக்கும் இரவில் தேங்காய் முழுவதும் சொதிக்குப் போகும்; சம்பல் தேங்காய் இன்றிச் சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், உப்பு, தேசிக்காய்ப்புளி சேர்த்து இடித்ததாக இருக்கும். காலையில் அவித்த பயறும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவும், அல்லது பாணும் பருப்பும். பட்டியல் இவ்வளவுதான். அதே ஏழெட்டு உணவுகள் சுழன்று வந்ததால் கணக்கு இரண்டாம் வாரத்தில் மனப்பாடமாகிவிட்டது.

சொதியில் ஒரு தவறு நேர்ந்தது. முதற்பாலைப் பிள்ளைகளின் கறிக்கு எடுத்துவிட்டு இரண்டாம் பாலில் அம்மையாருக்குச் சொதி வைத்தால் அதில் கொழுப்பே இராது என்று மருமகள் நினைத்து, அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். இரண்டாம் பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கும் என்பது முதல் தடவை எவ்வளவு இறுக்கிப் பிழிந்தோம், எவ்வளவு தண்ணீர் விட்டோம், மிக்சியில் அடித்தோமா என்பவற்றைப் பொறுத்தது. பாலை ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் காலை "தண்ணிப்பால்" என்று சொல்லப்பட்ட அந்தக் கிளாசின் மேல் சுண்டுவிரல் தடிப்பில் வெள்ளையாக ஏடு திரண்டிருந்தது. அதன் பின் முதற்பால், இரண்டாம் பால் என்ற பிரிவையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பிழிவதற்கு எடுத்த தேங்காய்ப்பூவின் நிறையை மட்டுமே எழுதினோம்.

தேநீரும் கொப்பியில் இடம்பெறாத ஒன்று. குடிப்பதை உணவாக எவரும் எழுதுவதில்லை. அம்மையார் முழு ஆடைப் பால்மா இட்ட தேநீர் நாளுக்கு மூன்று முறை குடித்தார். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, ஏறத்தாழ 15 கிராம் மா, அதில் 4 கிராம் கொழுப்பு. இடை உணவுக்கான 3 கிராம் எல்லையை ஒவ்வொரு கோப்பையும் தாண்டியது; சாப்பாட்டோடு குடித்த கோப்பை அந்த வேளையின் கணக்கில் ஏறியது. கொழுப்பு நீக்கிய பால்மாவுக்கு மாறியதும் அது தீர்ந்தது. பிஸ்கட் வாங்கும்போது பக்கற்றில் அச்சிட்டிருக்கும் நிற வட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்றும் சொன்னேன். அது 100 கிராமுக்கான அளவைக் காட்டுவது. ஒருவர் உண்பது எத்தனை கிராம் என்பதை அது அறியாது. 100 கிராமில் 14 கிராம் கொழுப்புள்ள பிஸ்கட்டில் நான்கு, தலா 8 கிராம் வீதம் உண்டால், நாலரைக் கிராம் உள்ளே போகிறது.

நான்காம் வாரத்தில் நிலைமை எதிர்ப்புறமாகச் சாய்ந்தது. இந்த நிகழ்வில் என்னை மிகவும் கவலைப்படுத்திய பகுதி இதுவே. வலி இரண்டு வாரமாக வரவில்லை என்பதைக் கண்ட அம்மையார், குறைத்தது நன்மை செய்தால் அறவே விடுவது மேலும் நன்மை செய்யும் என்று முடிவெடுத்து, தேங்காயையும் தாளிதத்தையும் முழுவதும் நிறுத்தி, இரவில் இரசமும் சோறும் மட்டும் உண்டு, சில நாட்களில் மதியச் சாப்பாட்டையும் தவிர்த்திருந்தார். எடை இரு வாரங்களில் மூன்று கிலோ இறங்கியிருந்தது. உறவினர்கள் அதைப் பாராட்டியும் இருந்தார்கள்.

கொழுப்பே இல்லாத உணவில் பித்தப்பை சுருங்குவதற்கான தூண்டுதல் குன்றிவிடுகிறது. பித்தநீர் உள்ளே தேங்கித் தடிக்கிறது. விரைவாக எடை குறையும்போது பித்தநீரில் கொலஸ்திரோல் கூடுகிறது. இவை இரண்டும் சேர்ந்தால் புதிய கற்கள் உருவாவதற்கே வழி ஏற்படும். கீரையிலும் பூசணியிலும் உள்ள கரோட்டின் உடலில் சேர்வதற்கும் உணவில் சிறிதளவு கொழுப்பு இருந்தாக வேண்டும். அவரது வைத்தியருடன் பேசினேன். எல்லை மேற்பக்கம் மட்டும் உள்ளதல்ல என்பதை அவரும் உறுதிப்படுத்தி, நாளில் இரண்டு வேளையாவது 7 முதல் 10 கிராம் வரை இருக்க வேண்டும், எந்த வேளையையும் தவிர்க்கக் கூடாது, எடை வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று எழுதித் தந்தார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. "10 கிராமுக்கு மேற்படக் கூடாது" என்று ஒரு நோயாளியிடம் எழுதிக் கொடுத்தால், குறைந்த அளவு எது என்பதையும் அதே தாளில் எழுதாவிட்டால், அஞ்சிய மனம் பூச்சியத்தை நோக்கியே செல்லும்.

60 கிராம் தேங்காய்ப்பூ மீண்டும் தராசில் ஏறியது. புரதம் குறைந்துவிடாமல் இருக்க, பயறு, கௌபி, சோயா மீற் ஆகியவற்றை மதியத்தில் சேர்த்தோம். சோயா மீற் எண்ணெய் எடுக்கப்பட்ட சோயா மாவில் செய்யப்படுவதால் அதில் கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் அதை வழமை போல எண்ணெயில் வதக்கிக் கெட்டிப்பாலில் சமைத்தால் அந்த நன்மை போய்விடும். சுடுநீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, கறித்தூளும் தக்காளியும் சேர்த்து அவித்து எடுத்தோம்.

இந்தக் கணக்கால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதில் நான் கவனமாக இருக்க விரும்புகிறேன். மாற்றத்துக்குப் பிந்திய ஒன்பது வாரங்களில் அம்மையாருக்கு ஒரு முறையே வலி வந்தது. அதுவும் கோயில் அன்னதானத்தில் உண்ட அன்று. ஒருவரது கொப்பியைக் கொண்டு உணவுதான் காரணம் என்று நிறுவ முடியாது. பித்தப்பைக் கற்களின் வலி உணவோடு தொடர்பின்றியும் வரும், வராமல் மாதக்கணக்கில் அடங்கியும் இருக்கும். கற்களைக் கரைக்கும் ஆற்றல் இந்த உணவுமுறைக்கு இல்லை. வலி ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, கண் மஞ்சளித்துச் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தாலோ, தராசையும் கொப்பியையும் விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று கொப்பியின் முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தோம். இதே 10 கிராம் எல்லை வேறு நோய்க்கு, எடுத்துக்காட்டாகக் கணைய அழற்சிக்கு, விதிக்கப்பட்டிருந்தால் அதன் நோக்கமும் குறைந்த அளவும் வேறாக இருக்கும். அப்போது இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதினோராம் வாரத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. வயிற்றில் சிறு துவாரங்கள் இட்டுப் பித்தப்பை அகற்றப்பட்டது. பித்தநீர் அதன் பின் சேமிக்கப்படாமல் ஈரலிலிருந்து சிறிது சிறிதாகக் குடலுக்கு வடிந்துகொண்டே இருப்பதால், ஒரே வேளையில் மிகுந்த கொழுப்பு உண்டால் சிலருக்குச் சில காலம் வயிற்றோட்டம் ஏற்படும். வீடு திரும்பிய மூன்றாவது வாரம், எல்லை நீங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அம்மையார் பழைய கைப்பிடியால் தேங்காய்ப்பூ அள்ளிப் புட்டு அவித்து, சம்பலும் சொதியுமாக உண்டார். வலி வரவில்லை, மறுநாள் காலை வயிறு மூன்று முறை போயிற்று. அன்று மாலை தொலைபேசியில் அழைத்து, 60 கிராமுக்கே திரும்பிவிட்டதாகவும், வாரத்துக்கு 10 கிராம் வீதம் கூட்டிப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். இதை எழுதும்போது 90 கிராமில் நிற்கிறார்.